மாற்றுச் சாவி இருந்தும் வாசலில் நின்றேன்

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்து மதுரையில் இறங்கியபோது பாக்கெட்டில் சாவிக்கொத்து இல்லை. அதில் மூன்று இருந்தன: வீட்டுச் சாவி, ஸ்கூட்டர் சாவி, யு.எஸ்.பி.யில் செருகித் தொட்டு லாகின் செய்யும் செக்யூரிட்டி கீ. வீட்டுக்கு மனைவியிடம் இருந்த சாவியைத் தெருமுனைச் சாவிக்காரரிடம் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அராவி இன்னொன்று கொடுத்துவிட்டார். ஸ்கூட்டருக்குக் கம்பெனி கொடுத்த இரண்டாவது சாவி இருந்தது. மூன்றாவதுதான் என் பதினோரு நாளைத் தின்றது. இத்தனைக்கும் அதற்கும் மாற்றுச் சாவி ஒன்று பீரோவில் இருந்தது.

வாங்கும்போதே ஒருவர் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது: இந்தச் சாவிக்கு நகல் கிடையாது. ரகசியம் அந்தச் சில்லுக்குள்ளேயே பிறந்து அங்கேயே இருக்கும். வெளியே எடுத்து இன்னொன்றில் ஏற்ற வழி வைக்காமல்தான் செய்திருக்கிறார்கள். அதுதான் அதன் பலம். ஆகவே மாற்றுச் சாவி என்பது முதல் சாவியின் இரட்டை இல்லை; வேறொரு தனிச் சாவி. கணக்கு கணக்காகப் போய், முதல் சாவியால் உள்ளே நுழைந்து, ‘இதையும் ஏற்றுக்கொள்’ என்று இரண்டாவதைத் தனியாகப் பதிய வேண்டும். இரண்டு சாவியும் கையில் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். தொலைந்த பிறகு பதியலாம் என்றால், பதிவதற்கு உள்ளே போக எது இருக்கிறது?

நான் பதியாமல் இல்லை. இணையதளங்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பதினோரு கணக்கிலும் இரண்டாவதைப் பதிந்தேன், அல்லது பதிந்ததாக நம்பினேன்.

தொலைந்த அன்று ராத்திரி முதலில் மின்னஞ்சலைத் திறந்தேன். மற்றக் கணக்குகள் எல்லாம் அதைப் பிடித்துத்தான் தொங்குகின்றன என்பதால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பீரோச் சாவியைச் செருகித் தொட்டதும் திறந்தது. செட்டிங்ஸில் போய்த் தொலைந்த சாவியை நீக்கப் பார்த்தால், பட்டியலில் இரண்டுமே ‘Security key’ என்ற ஒரே பெயரில் நின்றன. எது பஸ்ஸில் போனது, எது கையில் இருக்கிறது? தவறி இதை நீக்கிவிட்டால் மின்னஞ்சலும் போச்சு. நல்லவேளையாகச் சேர்த்த தேதி பக்கத்தில் இருந்தது. பழைய தேதி தொலைந்தது என்று கணக்குப் போட்டு நீக்கினேன். பதியும்போதே ‘வளையம்’, ‘பீரோ’ என்று பெயர் வைக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. பெயரைக் கேட்காமலே முடித்துவிடுகிற தளங்கள் இன்னும் இருக்கின்றன.

அடுத்த கேள்வி: எந்தெந்தக் கணக்கில் நீக்க வேண்டும்? இதைச் சாவியிடம் கேட்க முடியாது. பாஸ்வேர்டுக்குப் பிறகு இரண்டாம் கட்டமாக மட்டும் பயன்படுத்தும்போது, சாவி பெரும்பாலும் எந்தத் தளத்தின் பெயரையும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. வங்கிக் கார்டு தொலைந்தால் ஒரே எண்ணுக்குப் போன் அடித்து பிளாக் செய்துவிடலாம். இதற்கு அப்படி ஓர் இடமே கிடையாது. செய்த கம்பெனியே நினைத்தாலும் முடக்க முடியாது. கதவு கதவாகப் போய் நாம்தான் சொல்ல வேண்டும், ‘அந்தச் சாவியை இனி ஏற்காதே’ என்று. என்னைக் காப்பாற்றியது டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த பதினோரு பெயர்கள்தான்.

கண்டெடுத்தவர் உடனே நுழைந்துவிடுவார் என்று பதற வேண்டியதில்லை. சாவியில் என் பெயர் இல்லை. இரண்டாம் கட்டமாகப் பயன்படும் இடங்களில் என் பாஸ்வேர்டும் அவருக்கு வேண்டும். பாஸ்வேர்டே இல்லாமல் நுழையும் இடங்களில் சாவிக்கு நான் வைத்த பின் நம்பர் வேண்டும். அதை எட்டு முறை தப்பாகப் போட்டால் சாவி பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு முழுதாக அழித்துத்தான் அதைப் பயன்படுத்தலாம். அழித்துவிட்டால் என் கணக்குகளை அது திறக்காது. ஆனாலும் அன்றைக்கே நீக்கிவிட வேண்டும்.

ஒன்பது கணக்கு இப்படி முடிந்தது. பத்தாவதில் பீரோச் சாவியைத் தொட்டால், இந்தச் சாவி இங்கே பதிவாகவில்லை என்று வந்தது. எத்தனை முறை தொட்டாலும் அதே பதில். யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பதியும்போது திரையில் ஒரு பெட்டி வரும்: இந்தக் கம்ப்யூட்டரிலேயே சேமிக்கவா, போனிலா, செக்யூரிட்டி கீயிலா என்று. முதலில் நிற்பது பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான். அன்றைக்கு வேகத்தில் சரி என்று அழுத்தியிருக்கிறேன். இரண்டாவது ‘சாவி’ என்று பதிவானது லேப்டாப்பேதான். அந்த லேப்டாப்பை மூன்று மாதத்துக்கு முன் ஃபார்மட் செய்தபோது அதுவும் அழிந்துவிட்டது. பதியும் நேரத்தில் சாவியின் விளக்கு மினுங்கி, விரலால் தொடச் சொல்லிக் கேட்டிருந்தால்தான் அது சாவியில் ஏறியது என்று அர்த்தம். விளக்கு மினுங்கவில்லை என்றால் ஏறவில்லை. அங்கே என்னை உள்ளே விட்டது, பீரோவில் கூடவே கிடந்த காகிதத்தில் அச்சிட்டு வைத்த மீட்புக் குறியீடுகளில் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும்.

பதினோராவதுதான் வயிற்றெரிச்சல். டொமைன் பெயர் வாங்கிய இடம். அங்கே ஒரு கணக்குக்கு ஒரே ஒரு சாவிதான் பதியலாம். இரண்டாவதைச் சேர்க்கப் போனபோது முதலாவதை எடுத்துவிட்டு இதை வைத்துக்கொண்டிருக்கிறது. நான் திரும்ப வளையத்துச் சாவியை வைத்திருக்கிறேன். மீட்புக் குறியீடும் அங்கே கிடையாது. அடையாள அட்டை, பில், கையெழுத்து என்று அனுப்பி அனுப்பிப் பதினோரு நாள் கழித்துத் திறந்துவிட்டார்கள். நடுவில் ஒரு வாடிக்கையாளரின் டொமைன் புதுப்பிக்கும் தேதி வந்துவிட்டது. அவரிடம் நான் என்ன சொல்ல?

இரண்டு சாவிக்கு இடம் கொடுப்பது முடியாத காரியமா? ஆப்பிள் 2023-இல் செக்யூரிட்டி கீ வசதியைக் கொண்டுவந்தபோதே, இரண்டு சாவி இல்லாமல் தொடங்கவே விடவில்லை; ஆறு வரை சேர்க்கலாம். அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். ஒரு காலத்தில் ஒரு பயனருக்கு ஒரே கருவிதான் என்றது. 2022 நவம்பரில் அதை எட்டாக்கியது. பெரிய இடங்கள் கற்றுக்கொண்டதைச் சின்ன இடங்களும் கற்றுக்கொள்ளலாமே. ஒரு சாவி பதிந்ததும் பச்சை டிக் போட்டு ‘முடிந்தது’ என்கிறார்களே, அங்கே ‘இன்னும் ஒன்று பதியுங்கள்’ என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? கடைக்காரர்களும் ஒற்றையாக விற்கும்போது அதைச் சொல்லலாம்.

தளக்காரர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். சாவியைப் பதிந்த பிறகும், ‘சாவி இல்லையா? போனுக்கு ஓடிபி அனுப்பவா?’ என்ற வழியைத் திறந்தே வைக்கிறார்கள். சிம்மை ஏமாற்றி மாற்றுகிறவனுக்கு அந்த ஒரு வழி போதும். அதை மூடலாம் என்றால் முதலில் மாற்றுச் சாவி உறுதியாக வேலை செய்ய வேண்டும்.

இன்றைக்கு மாற்றுச் சாவி வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். பிரவுசரில் பிரைவேட் விண்டோ ஒன்றைத் திறந்து, பீரோவில் இருக்கும் சாவியை மட்டும் வைத்து ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து பாருங்கள். நுழைய முடியாத கணக்கு ஒன்றாவது இருக்கக்கூடும். முதல் சாவி இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது; இப்போதே பதிந்துவிடுங்கள்.