கல்லாவில் விரட்டிவிட்டு வாசலில் தள்ளுபடி

இணையத்தில் கடை நடத்துபவர்கள் பலரும் ஒரே விளக்கத்தைத்தான் சொல்வார்கள்: கூடையில் பொருளைப் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போகிறவர் விலைக்குத் தயங்குகிறார், பத்து சதவீதம் தள்ளுபடி என்று ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டால் திரும்பி வந்துவிடுவார். இந்த நம்பிக்கை பெருமளவு தவறு. இதனால் கடைக்காரருக்குக் காசு நஷ்டம். வாங்கத் துணிந்து வந்தவரோ எதற்காகப் போனார் என்பது கடைசிவரை தெரியாமலே போகிறது.

முதலில் அந்தப் பயமுறுத்தும் எண். டென்மார்க்கைச் சேர்ந்த பேமார்ட் நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பத்துக் கூடைகளில் ஏழு பணம் கட்டப்படாமலே கைவிடப்படுகின்றன. ஏழும் இழந்த வியாபாரம் என்று எண்ணினால் தூக்கம் போகும். ஆனால் அதே நிறுவனம் அமெரிக்கர்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேர் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததாகவும் வாங்கும் முடிவுக்கே வரவில்லை என்றும் சொன்னார்கள். ஜவுளிக்கடையில் நாலு புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள் இவர்கள். கடைக்காரர் கவலைப்பட வேண்டியது மிச்சமுள்ளவர்களைப் பற்றி: வாங்குவதென்று முடிவெடுத்து, கல்லா வரை வந்து, அங்கிருந்து திரும்பியவர்கள்.

அவர்களை எது திருப்பியது என்பதற்கு, பயன்பாட்டு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009-இல் எழுதிய ஒரு கதையைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கடினம். அமெரிக்காவின் பெரிய சில்லறை வணிக நிறுவனம் ஒன்றின் தளம் அது. கூடையை நிரப்பி 'செக்அவுட்' அழுத்தியவுடன் ஒரு சின்னப் படிவம் வரும். மின்னஞ்சலுக்கு ஒரு கட்டம், கடவுச்சொல்லுக்கு ஒரு கட்டம், 'லாகின்', 'ரிஜிஸ்டர்' என்று இரண்டு பொத்தான், மறந்தவர்களுக்கு ஒரு இணைப்பு. அவ்வளவுதான். ஒருமுறை பதிந்துகொண்டால் அடுத்த முறை சுலபமாக இருக்குமே என்று நல்ல எண்ணத்தில்தான் அதை வைத்திருந்தார்கள்.

ஸ்பூலின் குழு ஆட்களைப் பக்கத்தில் உட்காரவைத்து வாங்கச் சொன்னது. புதிதாக வந்தவர்கள் அந்தப் படிவத்தைப் பார்த்ததும் எரிச்சலடைந்தார்கள். ஒரு பொருள் வாங்கத்தானே வந்தோம், இந்தக் கடையோடு உறவு எதற்கு என்றார்கள். பழைய வாடிக்கையாளர்கள் பாடு இன்னும் மோசம். எந்த மின்னஞ்சலில் பதிந்தோம் என்பதே பலருக்கு நினைவில்லை. பின்னர் தரவைப் பார்த்தால், வாடிக்கையாளர்களில் 45 சதவீதம் பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு வைத்திருந்தார்கள். சிலரிடம் பத்துக் கணக்கு வரை இருந்தது. நாளொன்றுக்கு 1,60,000 பேர் கடவுச்சொல்லைக் கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அதன்பின் வாங்க முயலவே இல்லை.

செய்த மாற்றம் இதுதான்: 'ரிஜிஸ்டர்' பொத்தானை எடுத்துவிட்டு 'கன்டின்யூ' என்று வைத்தார்கள். வாங்குவதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை என்று பக்கத்தில் ஓரிரு வரி எழுதினார்கள். வாங்கியவர்கள் எண்ணிக்கை 45 சதவீதம் உயர்ந்தது. முதல் ஆண்டில் கூடுதலாக வந்த விற்பனை 30 கோடி டாலர். எந்தப் பொருளிலும் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை. அந்த மக்களை விலைக்குத் தயங்குகிறவர்கள் என்று முடிவுகட்டி ஆளுக்கொரு கூப்பன் அனுப்பியிருந்தால், அந்தக் கூப்பனோடு திரும்பி வந்து அதே படிவத்தில்தான் முட்டியிருப்பார்கள்.

பயணச் சேவைத் தளமான எக்ஸ்பீடியாவில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. 'வாங்கு' பொத்தானை அழுத்திய பிறகும் முடியாமல் நின்ற பரிவர்த்தனைகளை அவர்களுடைய ஆய்வாளர்கள் தோண்டினார்கள். படிவத்தில் பெயருக்குக் கீழே 'கம்பெனி' என்று ஒரு கட்டம். நிரப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதது. சிலர் அதைத் தங்கள் அட்டை கொடுத்த வங்கியைக் கேட்பதாக எடுத்துக்கொண்டு வங்கியின் பெயரை எழுதினார்கள். எழுதிய கையோடு முகவரிக் கட்டத்தில் வங்கியின் முகவரியையே போட்டார்கள். அட்டைதாரரின் வீட்டு முகவரியோடு அது பொருந்தாததால் பணம் நிராகரிக்கப்பட்டது. அந்த ஒரு கட்டத்தை நீக்கியதில் ஆண்டுக்கு 1.2 கோடி டாலர் லாபம் கூடியது. இவர்கள் பணம் கட்டிவிட்டோம் என்று நம்பி பொத்தானை அழுத்தியவர்கள். விலை அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

ஆனால் பேமார்ட் ஆய்வில் காரணங்களில் முதலிடம் கூடுதல் செலவுக்குத்தானே என்று கேட்கலாம். உண்மைதான். அந்தச் செலவு எந்த இடத்தில் தெரியவந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1,000 ரூபாய்ப் பொருளைப் பார்த்து மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டவர் முகவரி, கைபேசி எண் எல்லாம் கொடுத்த பிறகு, கடைசித் திரையில் டெலிவரிக்கு 90, கேஷ் ஆன் டெலிவரிக்கு 40 என்று ஏறி நிற்கும் தொகையைப் பார்க்கிறார். ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வுதான் அவரை எழுப்பிவிடுகிறது. பொருளின் பக்கத்திலேயே பின்கோடு கேட்டு 1,130 என்று முதலிலேயே காட்டினால், கட்டக்கூடியவர் தெரிந்தே தொடர்வார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகள், முழு விலையை முன்பே சொல்லாமல் கடைசியில் ஏற்றுவதை நுகர்வோரை ஏமாற்றும் வடிவமைப்புகளின் பட்டியலில் சேர்த்திருக்கின்றன.

கூப்பன் அனுப்பினால் விற்பனை கூடுவது கண்ணுக்குத் தெரிகிறதே என்பார்கள். அங்கேதான் கணக்கு பிசகுகிறது. 2,000 கைவிடப்பட்ட கூடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1,000 பேருக்குப் பத்து சதவீதக் கூப்பன் போகிறது. மீதி 1,000 பேருக்கு வேண்டுமென்றே எதுவும் அனுப்பவில்லை. கூப்பன் போனவர்களில் 80 பேர் வாங்குகிறார்கள். மென்பொருள், 80 பேரை மீட்டதாகத் திரையில் காட்டும். ஆனால் எதுவும் அனுப்பாத கூட்டத்திலிருந்தும் 55 பேர் தாமாகவே வந்து வாங்கியிருந்தால், கூப்பன் உண்மையில் கொண்டுவந்தது 25 பேரைத்தான். பொருள் 1,000 ரூபாய், அதில் லாபம் 300 என்றால், அனுப்பாத பக்கம் 55 பேரிடம் 16,500 ரூபாய் லாபம். அனுப்பிய பக்கம் 100 ரூபாய் விட்டுக்கொடுத்து, 80 பேரிடம் 16,000. விற்பனை கூடியிருக்கிறது, லாபம் 500 குறைந்திருக்கிறது. அனுப்பாத கூட்டம் ஒன்றைத் தனியே வைத்துப் பார்க்காத கடைக்கு இது ஒருநாளும் தெரியவராது. கூப்பனுக்குப் பழகிய வாடிக்கையாளர் அடுத்த முறை வேண்டுமென்றே கூடையை விட்டுப் போய்க் காத்திருப்பதும் இந்த நஷ்டத்தோடு சேரும்.

எனவே கூப்பனுக்கு முன் செய்ய வேண்டியது எண்ணிப் பார்ப்பது. கூடை, முகவரி, டெலிவரி, பணம் என்று ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் நுழைந்தார்கள், எத்தனை பேர் அடுத்த படிக்குப் போனார்கள் என்று கைபேசிக்கும் கணினிக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். எந்தப் படியில் சட்டென்று சரிகிறதோ அங்கே கோளாறு இருக்கிறது. முகவரிப் படியில் ஒரே ஆள் மூன்று முறை அழுத்தியிருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டம் அவர் எழுதியதை ஏற்க மறுக்கிறது.

பணம் கட்டும் படியில் விழுந்தவர்களைத் தனியே பிரிப்பது முக்கியம். இந்தியாவில் அட்டையால் கட்டுகிறவர் வழக்கமாக ஓடிபியைத் தாண்டியாக வேண்டும். அது வராமலோ வங்கிப் பக்கம் திறக்காமலோ நின்றவர் பொருளை வேண்டாமென்று சொல்லவே இல்லை. அவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டிய செய்தியில் மூன்றே விஷயம் போதும்: கட்டணம் நிறைவேறவில்லை என்ற தகவல், பழைய கூடையையும் எழுதிய முகவரியையும் அப்படியே திறக்கும் இணைப்பு, யூபிஐ வழியாகவும் கட்டலாம் என்ற ஒரு வரி. கணக்கிலிருந்து பணம் போய்விட்டதோ என்ற பயம் அவருக்கு இருக்கும் என்பதால், பிடிக்கப்பட்டிருந்தால் எப்படித் திரும்பும் என்பதையும் அதன் கீழேயே சொல்லிவிட வேண்டும்.