நாலு வங்கிப் புத்தகம்

ஆசிரியர்களுக்கு ஒரு பழக்கம். இடமாற்றம் கிடைத்த ஊரிலெல்லாம் ஒரு கணக்குத் திறப்போம், மாறிப் போனதும் மறந்துவிடுவோம். போன விடுமுறையில் அலுமாரியைக் கிளறியபோது எனக்கு நாலு புத்தகங்கள் அகப்பட்டன. ஒன்றில் 9 வருடமாக நான் கை வைக்கவே இல்லை.

10 வருடம் நாம் கொடுக்கல் வாங்கல் ஏதும் செய்யாவிட்டால், அந்தப் பணம் மத்திய வங்கிக்குப் போய்விடும். பணம் அழியாது, அதே வங்கியூடாகத் திரும்பக் கோரலாம். ஆனால் கணக்கு இருப்பதே தெரியாத பிள்ளைகள் எதைக் கோருவார்கள்?

கிளையில் முதலில் "அப்படியொரு கணக்கே இல்லை சேர்" என்றார்கள். புதிய 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் தேடியிருக்கிறார்கள். V உள்ள பழைய எண்ணைக் கொடுத்ததும் வந்துவிட்டது.

மூன்றை மூடி, சம்பளம் விழும் கணக்கில் சேர்த்தேன். மூடுமுன் கடன் தவணையோ காப்புறுதிக் கட்டணமோ அதிலிருந்து கழிகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே வங்கியில் போடலாமா என்றால், வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் வரைதான். நமது சில்லறைக்கு அது தாராளம்.

இடையில் நிறுத்திய காப்புறுதிப் பத்திரம் ஒன்றும் கிடந்தது. அதன் சரண் பெறுமதியைக் கேட்டு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.