கலோரி கணக்கு சரி... நார்ச்சத்து கணக்கு? ஃபிட்னஸ் டயட்டில் விடுபடும் சத்துகள் எவை?

சேத்துப்பட்டு மாதிரி சின்ன ஊர்களில்கூட இப்போது ஜிம்முக்குப் போகிறவர்கள் போனில் கலோரி கணக்கு போடுகிறார்கள். கலோரியும் புரதமும் இலக்கைத் தொட்டால் போதும் என்பதுதான் பலரின் நினைப்பு. ஆனால், அதே ஆப்பில் இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

ஒரு நாள் கணக்கு

எடை குறைக்க நினைக்கும் ஒருவரின் வழக்கமான பட்டியலை எடுத்துக்கொள்வோம். காலையில் 40 கிராம் ஓட்ஸ், ஒரு வாழைப்பழம், நான்கு முட்டையின் வெள்ளைக்கரு. மதியமும் இரவும் சேர்த்து 100 கிராம் அரிசியில் வடித்த சோறு, கோழிக்கறி, கொஞ்சம் வெள்ளரிக்காய். கூடவே இரண்டு ஸ்கூப் வே புரோட்டீன். எண்ணெயையும் சேர்த்தால் சுமார் 1,600 கலோரி. புரதம் தாராளம்.

நார்ச்சத்து? ஓட்ஸில் 4 கிராம், அரிசியில் 3, பழத்தில் 2, வெள்ளரியில் 2 என மொத்தமே 11 கிராம்தான். கறி, முட்டை, வே மூன்றிலும் நார்ச்சத்து கிடையாது. 2,000 கலோரிக்கு 30 கிராம் என்பது ஐசிஎம்ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. அதன்படி இவருக்கு 24 கிராம் வேண்டும். பாதிகூட வரவில்லை.

கால்சியமும் இரும்புச்சத்தும் இதே கதைதான். பெரியவர்களுக்குத் தினமும் கால்சியம் 1,000 மில்லிகிராம் தேவை. இரும்புச்சத்து ஆண்களுக்கு 19, பெண்களுக்கு 29 மில்லிகிராம். பால், தயிர், கீரை இல்லாத இந்தப் பட்டியல் இரண்டிலும் பாதியை எட்டுவதே கஷ்டம். மஞ்சள் கருவைத் தள்ளிவிடுவதால் வைட்டமின் டி, கோலின் ஆகியவையும் போய்விடுகின்றன.

அப்போ என்ன மாற்றலாம்?

கலோரியை ஏற்றாமலே மூன்றை மாற்றினால் போதும். ஓட்ஸுக்குப் பதில் அதே அளவு கேழ்வரகு மாவில் கூழோ களியோ சாப்பிட்டால் சுமார் 145 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். இரவு அரிசியில் 50 கிராமைக் குறைத்து, 50 கிராம் முழுப் பச்சைப்பயறு சேர்த்தால் நார்ச்சத்து 7 கிராம் கூடும். வாழைப்பழத்துக்குப் பதில் 100 கிராம் கொய்யா என்றால் இன்னும் 6 கிராம். மொத்தம் 24 கிராமைத் தாண்டிவிடும். கொய்யாவின் வைட்டமின் சி, பயறில் உள்ள இரும்பை உடல் உறிஞ்சவும் உதவும். அதற்கு உணவோடு சேர்த்தே சாப்பிட வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தப் பலன் குறையும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் வயிறு உப்பும். வாரத்துக்கு ஒன்றாக மாற்றி, தண்ணீரையும் கூட்டுவது நல்லது.

ஆப் சொல்வதை அப்படியே நம்பலாமா?

முழுசாக நம்ப முடியாது. பயனர்கள் பதிவேற்றிய உணவுகளில் பெரும்பாலும் கலோரியும் புரதமும் மட்டுமே இருக்கும்; கால்சியம் கட்டம் காலி. ஆப் அதை பூஜ்ஜியமாகவே கூட்டும். ஒரு கிண்ணம் தயிருக்கு கால்சியம் 0 என்று காட்டினால், தப்பு தயிரில் இல்லை, பதிவில்தான். அரிசியைச் சமைக்கும் முன் எடைபோட்டால், 'பச்சரிசிச் சோறு' என்றில்லாமல் சமைக்காத அரிசி என்ற பதிவையே தேர்வு செய்ய வேண்டும்.

வைட்டமின் டி, பி12 இரண்டிலும் குறைபாடு உண்டா என்பதை எந்த ஆப்பும் சொல்லாது. அதற்கு ரத்தப் பரிசோதனைதான் வழி.