கையால் நிரப்பிய முகாம் படிவங்களை எதைக் கொண்டு படிப்பது: எங்கள் நிலைப்பாடு

கிராமங்களில் நடக்கும் மருத்துவ முகாம்களின் பதிவுப் படிவங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவது எங்கள் அமைப்பின் வேலைகளில் ஒன்று. படிவத்தின் தலைப்புகள் அச்சில் இருக்கும். பெயர், ஊர், வயது, கைபேசி எண், இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பேனாவில் இருக்கும். இவற்றைப் படிக்க டெசராக்ட் போன்ற பழைய வகை எழுத்துணரியே போதுமா, படத்தையும் மொழியையும் சேர்த்துக் கற்ற புதிய காட்சிமொழி மாதிரிக்கு மாறுவதா என்று எங்களைப் போன்ற பல குழுக்கள் கேட்கின்றன. எங்கள் பதில் இது: அச்சுப் பகுதியை எழுத்துணரி படிக்கட்டும். கையெழுத்தைக் காட்சிமொழி மாதிரி படிக்கட்டும், ஆனால் முழுப் பக்கத்தையும் அதனிடம் தரக்கூடாது, கட்டம் கட்டமாக வெட்டித்தான் தரவேண்டும். சிகிச்சையைத் தீர்மானிக்கும் எண்களை ஒரு மனிதர் தனியாகத் தட்டச்சு செய்யாமல் பதிவேட்டில் ஏற்றக்கூடாது.

இந்த முடிவுக்கு எங்களைக் கொண்டுவந்தது ஒரு பெயர். ஒரு முகாமில் வயதான அம்மா ஒருவரின் படிவத்தில் பெயர் ‘செல்லி’ என்று இருந்தது. இரண்டாவது ‘ல’வின் வால் சற்று மேலேறியிருந்தது. எழுத்துணரி அந்தக் கட்டத்துக்குத் தந்தது இரண்டு துண்டெழுத்தும் ஒரு புள்ளியும். பார்த்தவுடனே குப்பை என்று தெரிந்தது. காட்சிமொழி மாதிரி ‘செல்வி’ என்று சுத்தமாக எழுதித் தந்தது. சரிபார்க்க உட்கார்ந்தவர் அதை ஏற்றுக்கொண்டு அடுத்த படிவத்துக்குப் போய்விட்டார். அடுத்த முகாமில் ‘செல்லி’ என்று தேடியபோது பதிவு கிடைக்கவில்லை. புதிய பதிவு திறந்தார்கள். முதல் முகாமில் குறித்திருந்த உயர் இரத்த அழுத்தம் மருத்துவரின் கண்ணில் படவேயில்லை.

இரண்டும் தவறாகத்தான் படித்தன. ஒன்றின் தவறு கண்ணுக்குத் தெரிந்தது, மற்றதன் தவறு தெரியவில்லை. எங்கள் நிலைப்பாடு முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

டெசராக்ட் 1980-களில் எச்பி நிறுவனத்தில் தொடங்கி, 2005-இல் திறமூலமாக வெளியானது. 2018-இல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து அது நரம்பு வலைப்பின்னலைக் கொண்டு வரிவரியாகப் படிக்கிறது. அந்த வலைப்பின்னல் கற்றது பெரும்பாலும் எழுத்துருக்களில் அச்சிட்ட வரிகளை. பேனா எழுத்தை அது படிக்கத் திணறுவதற்கு அதுவே காரணம். அமைப்புகளைத் திருகிப் பார்ப்பதால் இது மாறாது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் இடத்தையும், 100-க்கு எத்தனை நம்பிக்கை என்பதையும் அது தருகிறது:

```
tesseract kattam_03.png stdout -l tam --psm 7 tsv
```

இதில் `--psm 7` என்பது படத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது என்று சொல்வது. வெளியீட்டில் `conf` என்ற பத்தியைப் பாருங்கள். கையெழுத்துக் கட்டங்களில் அந்த எண் பெரும்பாலும் சரிந்துவிடும். எப்போதும் சரியும் என்று நம்பியிருக்க முடியாது, ஆனாலும் ‘இதை நான் படிக்கவில்லை’ என்று சொல்ல அதற்கு ஒரு வழி இருக்கிறது.

காட்சிமொழி மாதிரி வேலை செய்யும் விதம் வேறு. படத்தைப் பார்த்துக்கொண்டே, அடுத்து எந்த எழுத்து வரக்கூடும் என்று கணித்து எழுதிக்கொண்டு போகிறது. மை தெளிவாக இருந்தால் படம் வழிநடத்தும். மங்கினால், அது முன்பு படித்த கோடிக்கணக்கான வரிகள் வழிநடத்தும். அந்த வரிகளில் செல்வி நிறைய, செல்லி குறைவு. அரிய பெயர், சிற்றூர்ப் பெயர், வட்டார வழக்கு எல்லாம் இப்படித்தான் பொதுவான ஒன்றாக மாறிவிடுகின்றன. ஏற்கெனவே ஏடுகளில் இடம் குறைந்தவர்களே இங்கும் விடுபட்டுப் போகிறார்கள். எங்களால் இதைச் சிறு பிழை என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதைவிடக் கவலை தருவது வெற்றுக் கட்டம். வெறும் வயிற்றுச் சர்க்கரைக் கட்டம் காலியாக இருந்த ஒரு படிவத்தை முழுப் பக்கமாகக் கொடுத்து, எல்லாக் கட்டங்களையும் நிரப்பித் தரும்படி கேட்டபோது 110 என்று வந்தது. அந்தப் பரிசோதனை நடக்கவே இல்லை. அதனால் இப்போது கட்டம் காலியா என்ற கேள்வியை எந்த மாதிரியிடமும் கேட்பதில்லை. படிவத்தின் நான்கு மூலையிலும் அச்சிட்ட கறுப்புச் சதுரங்களைக் கொண்டு பக்கத்தை நேராக்கி, கட்டங்களை வெட்டி, ஓரக்கோட்டைக் கழித்துவிட்டு, உள்ளே எத்தனை கருமையான புள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணுகிறோம். நிரப்பாத படிவத்தின் அதே கட்டத்தோடு ஒப்பிட்டு, மையே இல்லை என்றால் அங்கேயே ‘காலி’ என்று பதிந்துவிடுகிறோம். பென்சில் எழுத்திலும், மறுபக்க மை ஊடுருவிய தாளிலும் இந்த எண்ணிக்கை ஏமாற்றும். நடுவில் விழும் எண்ணிக்கை எல்லாம் மனிதர் கைக்குப் போகிறது.

வெட்டித் தருவதில் இன்னொரு பயனும் உண்டு. ஏ4 தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508 புள்ளிகள் வரும். பல மாதிரிகள் பெரிய படத்தைத் தாமாகவே சுருக்கிக்கொள்ளும். 7 மில்லிமீட்டர் உயரக் கட்டம் ஸ்கேனில் சுமார் 83 புள்ளி உயரம். பக்கத்தின் நீளத்தை 1500-ஆகச் சுருக்கினால் அது 35-ஆகிவிடும். 180-இல் உள்ள 8-இன் இடதுபக்கக் கோடு அங்கே காணாமல் போய் 130 ஆவதற்கு அது போதும். அப்படியானால் மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

வெட்டிய கட்டத்தோடு நாங்கள் தரும் அறிவுறுத்தல் சிறியது: உள்ளதை உள்ளபடி எழுது, தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி இடு. அது இரத்த அழுத்தக் கட்டம் என்று சொல்வதில்லை. சொன்னால் வழக்கமான எண்ணை நோக்கிச் சாயும். ஒரே மாதிரியை இரண்டு முறை படிக்கவைத்து ஒப்பிடுவதையும் நிறுத்திவிட்டோம், ஒரே தவறை இரண்டு முறையும் உறுதியாகச் சொல்கிறது.

மனிதர் சரிபார்ப்பிலும் ஒரு பாடம் கிடைத்தது. மாதிரி எழுதியதைப் பக்கத்தில் காட்டினால், பார்ப்பவரின் கண் அதையே படத்திலும் காண்கிறது. ‘செல்வி’ நழுவியது அப்படித்தான். ஆகவே அழுத்தம், சர்க்கரை, மருந்தளவு ஆகிய கட்டங்களில் தட்டச்சு செய்பவருக்கு வெட்டிய படம் மட்டும்தான் தெரியும். அவர் அடித்ததும் மாதிரி தந்ததும் பொருந்தாவிட்டால் மூன்றாமவர் பார்க்கிறார். பெயரில் இதை எல்லாப் படிவத்துக்கும் செய்ய ஆள் போதவில்லை. கேள்விக்குறி வந்தவற்றிலும், எங்கள் பழைய பதிவுகளில் இல்லாத பெயர்களிலும், அந்தப் பதிவுகளில் ஓரெழுத்து மட்டும் மாறிய இன்னொரு பெயர் உள்ளவற்றிலும் செய்கிறோம்.

எந்தக் கருவியை வாங்குமுன்பும், சொந்தப் படிவங்களில் 200-ஐ எடுத்து இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து விடைத்தாள் ஒன்று தயாரித்துக்கொள்ளும்படி மற்ற அமைப்புகளைக் கேட்டுக்கொள்கிறோம். பிறகு எழுத்துப் பிழை விகிதம் என்ற ஒற்றை எண்ணோடு நின்றுவிடாமல், ‘தெரியாது என்று சொல்லித் தவறியவை’, ‘சரி என்று சொல்லித் தவறியவை’ என இரண்டாகப் பிரித்து எண்ணுங்கள். இரண்டாவது எண்தான் நோயாளியைத் தொடுவது. மருத்துவப் படிவங்களை வெளியார் சர்வருக்கு அனுப்புவதை நாங்கள் ஏற்கவில்லை. சொந்தக் கணினியில் ஓடும் மாதிரி சற்று மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை. புதிய படிவம் அச்சடிப்பவர்கள் எண்களுக்கு இலக்கத்துக்கு ஒரு கட்டம் போட்டுவிட்டால், மேலே சொன்ன சிக்கலில் பாதி தாளிலேயே தீர்ந்துவிடும்.

வெட்டிய ஒவ்வொரு படத்தையும் அதன் பதிவோடு சேர்த்தே வைக்கிறோம். செல்லி அம்மாவின் இரண்டு பதிவுகளிலும் ஒரே கைபேசி எண் இருப்பதைப் பின்னர் கவனித்த ஒரு செவிலியர், பழைய பதிவின் பெயர்ப் படத்தைத் திறந்து பார்த்து, அந்த அம்மாவிடமே காட்டி, ‘செல்லி’ என்று திருத்தினார். இரண்டு பதிவுகளும் அன்றே ஒன்றாக்கப்பட்டன.