சட்டமும் சந்தேகமும்: மாட்டுக்கு இன்சூரன்ஸ் பணம் வந்தாச்சு, இந்தக் கையெழுத்து எதுக்கு?

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கறவை மாட்டைச் சாலையோரமாகக் கயிற்றில் பிடித்து ஓட்டி வந்திருக்கிறார்கள். பஸ்ஸை முந்திய லாரி மண்பகுதியில் இறங்கி மோதியதில் மாடு அங்கேயே இறந்துவிட்டது. காதுவில்லை, பிரேதப் பரிசோதனைச் சான்று, எஃப்.ஐ.ஆர். நகல் எல்லாம் கொடுத்து 60,000 ரூபாய் வாங்கிவிட்டார். இப்போது மாட்டை இன்சூரன்ஸ் செய்த நிறுவனம் இன்னொரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறது. 'கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறார்களோ?' என்பது அவருடைய பயம்.

அவரிடமிருந்து பிடிக்கப் பார்க்கவில்லை. மாடு செத்தது லாரி ஓட்டுநரின் தவறு என்றால், நஷ்டத்தைக் கடைசியில் சுமக்க வேண்டியது லாரிக்காரர் தரப்புதான். மாட்டுக்காரருக்குப் பணம் கொடுத்த நிறுவனம், அவருடைய இடத்தில் நின்று அந்தத் தொகையை லாரியின் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கேட்கலாம். இதற்குப் பெயர் சப்ரோகேஷன். உரிமை மாட்டுக்காரருடையது என்பதால்தான் அவருடைய கையெழுத்து தேவைப்படுகிறது.

இப்படிக் கேட்டு அனுப்பும் கடிதத்தில் சம்பவ நாள், இடம், லாரி எண், அதன் பாலிசி எண் ஆகியவை முதலில் வரும். அடுத்து, தவறு ஏன் ஓட்டுநருடையது என்ற காரணம். கடிதம் நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான். எஃப்.ஐ.ஆர். மட்டும் தவறை நிரூபித்துவிடாது. போலீஸ் வரைந்த சம்பவ இட வரைபடம், மண்ணில் இறங்கிய டயர் தடத்தின் படம், மாட்டைப் பிடித்து வந்தவரின் வாக்குமூலம் எல்லாம் சேர வேண்டும். எதிர்த்தரப்பு 'மாடு அவிழ்ந்து குறுக்கே ஓடியது' என்றுதான் பதில் எழுதும். கழுத்தில் கயிற்றோடு கிடக்கும் மாட்டின் படம் ஒன்று கையில் இருந்தால் அந்தப் பதிலுக்குப் பலம் குறையும். உண்மையிலேயே இரவில் அவிழ்த்துவிட்ட மாடு என்றால், தவறில் ஒரு பங்கு மாட்டுக்காரர் மேலும் விழும். கிடைக்கும் தொகையும் அந்த அளவுக்குக் குறையும்.

கடைசியில் தொகை. நிறுவனம் தான் கொடுத்த 60,000 ரூபாயை, கொடுத்த தேதியோடும் வங்கிச் சான்றோடும் கேட்கும். லாரி பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக ஏழரை லட்சம் வரை இடம் உண்டு. பிரீமியத்தைக் குறைக்க அதை 6,000 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் மீதியை லாரி உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும்.

வாசகிக்கு முக்கியமானது இனிமேல்தான். மாடு இறந்தபோது 80,000 ரூபாய் பெறும் என்கிறார். பாலிசி எடுத்தபோது போட்ட மதிப்பு 60,000. அப்படியானால் 20,000 ரூபாய் நஷ்டம் இன்னும் அவர் தலையில் இருக்கிறது. இதற்குக் கால்நடை மருத்துவரின் மதிப்புச் சான்றும், பால் சங்கத்தில் ஊற்றிய கணக்குப் புத்தகமும் வேண்டும், வாய்ச்சொல் போதாது. அந்த 20,000 ரூபாயையும் சேர்த்து, மொத்தம் 80,000 ரூபாய்க்குக் கோரிக்கை வைக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு பேரம் பேசி 50,000 ரூபாய்தான் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு எவ்வளவு? 2010-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, எகனாமிக் டிரான்ஸ்போர்ட் – சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் இதை விளக்கியிருக்கிறது. வெறும் சப்ரோகேஷன் என்றால், நஷ்டப்பட்டவரின் விடுபட்ட பாக்கிதான் முதலில். அதன்படி வாசகிக்கு 20,000, நிறுவனத்துக்கு 30,000. ஆனால் அந்தத் தாளில் 'அசைன்மென்ட்', அதாவது உரிமையை முழுவதுமாக எழுதிக் கொடுப்பதாக வாசகம் இருந்தால், வந்தது முழுவதையும் நிறுவனமே வைத்துக்கொள்ள இடம் உண்டு. பல நிறுவனங்களின் அச்சிட்ட படிவத்தில் இரண்டும் ஒரே தாளில் சேர்ந்தே இருக்கும். தாள் ஆங்கிலத்தில் இருந்தால் படித்துச் சொல்லக்கூடிய ஒருவரை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தேடுங்கள். இருந்தால், 'பாக்கி நஷ்டத்துக்கான என் உரிமை எனக்கே' என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் பலனிருக்காது.

இன்னொன்று. லாரி உரிமையாளர் ஊர்ப் பெரியவர்களோடு வந்து பத்தாயிரம் கொடுத்து, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி வாங்கப் பார்ப்பார். எழுதிக் கொடுத்தால் நிறுவனம் கேட்கவிருந்த உரிமையும் அதோடு போய்விடும். அப்போது நிறுவனம் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டால் மாட்டுக்காரரால் பதில் சொல்ல முடியாது. ஏற்கெனவே ஏதாவது வாங்கியிருந்தால், அதை மறைக்காமல் நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் அடுத்தது வழக்கு. அதற்காகச் சும்மா காத்திருக்கக் கூடாது. விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட, விபத்து நாளிலிருந்து 6 மாதம் என்ற வரம்பு 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் இருக்கிறது. வாசகியின் மாடு இறந்து நான்கு மாதம் ஆகிறது. இந்த வாரமே வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. போகும்போது காதுவில்லை எண் உள்ள பாலிசி நகலையும் எடுத்துச் செல்லட்டும்.