அறிக்கையில் பூஜ்யம் என்றால் தண்ணீர் சுத்தமா?

தோட்டத்து நீர்த்தொட்டியையோ கிணற்றையோ பரிசோதித்த அறிக்கை வந்தால், பலரும் தேடுவது ஒன்றைத்தான்: கோலிஃபார்ம் எத்தனை? நம் நாட்டுக் குடிநீர்த் தரப்படி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஆனால் அறிக்கையில் இதற்கு இரண்டு வரிகள் இருக்கும்.

'மொத்த கோலிஃபார்ம்' என்பது மண்ணிலும் இலைதழையிலும்கூட வாழும் பெரிய கிருமிக் கூட்டம். அது மட்டும் தென்பட்டால் தொட்டி மூடியையும் குழாய் இணைப்பையும் பார்க்கவேண்டும். 'ஈ.கோலை' மனிதர், மாடு, ஆட்டின் குடலில் வாழ்வது. அது இருந்தால் அண்மையில் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். கொதிக்க வைக்காமல் குடிக்கக்கூடாது. ஈ.கோலையில் பெரும்பாலானவை தீங்கு செய்யாதவைதான். ஆனால் அது வந்த வழியில் டைபாய்டும் வரலாம்.

மாதிரி எடுப்பதில்தான் கோளாறு அதிகம். மினரல் வாட்டர் போத்தலில் பிடித்துக் கொடுத்தால் பயனில்லை. கிருமி நீக்கிய போத்தல் வேண்டும். குளோரின் கலந்த நீரென்றால் போத்தலுக்குள் சோடியம் தயோசல்பேட் என்ற மருந்தும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகம் போகும் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுவிடும். அறிக்கை பொய்யாகப் பூஜ்யம் காட்டும். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்கவேண்டும்.

அதன்பின் கிருமி வளர ஏறக்குறைய ஒரு நாள். அதாவது முடிவு வரும்போது அந்தத் தண்ணீரை நாம் குடித்து முடித்திருப்போம்.

கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது இதுதான். பலத்த மழையில் மாட்டுச் சாணக் கழிவு ஆழமில்லாத ஒரு கிணற்றில் இறங்கியது. குளோரின் போதவில்லை, தினசரி குளோரின் அளவைப் பார்க்காமலே ஏட்டில் எழுதி வந்தார்கள். மே 15-இல் எடுத்த மாதிரியில் ஈ.கோலை இருப்பதை ஆய்வகம் மே 17-இல் கண்டு, நீர் நிர்வாகத்துக்கு மட்டும் தெரிவித்தது. சுகாதார அதிகாரிகள் கேட்டபோது தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று நிர்வாகம் சொன்னது. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்ற அறிவிப்பு வந்தது மே 21-இல். 7 பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள்.

ஆகவே தோட்ட நிர்வாகத்திடம் அறிக்கையை மட்டும் கேட்டால் போதாது. அது சுகாதார அலுவலகத்துக்கும் போகிறதா, மாதிரி எடுத்தது மழைக்கு முன்பா பின்பா என்றும் கேட்கவேண்டும். குளோரின் அளவைக் குழாயடியிலேயே மாத்திரை போட்டு, நிறம் பார்த்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறைந்தால், கோலிஃபார்ம் முடிவுக்குக் காத்திருக்காமல் குளோரின் போடும் கருவியைப் பார்க்கச் சொல்லலாம்.

செம்பனைக்குப் போடும் உரமும் களைக்கொல்லியும் இந்த எண்ணில் தெரியாது. அதற்கு இரசாயனப் பரிசோதனையைத் தனியாகக் கேட்கவேண்டும். கொதிக்க வைத்தாலும் அவை போகா.