நமக்குக் கேட்குது, அவங்களுக்குக் கேட்கலை

போன் ஹெட்செட்டைக் கம்ப்யூட்டரில் செருகினால் பாட்டு நன்றாகக் கேட்கும், மைக் மட்டும் வேலை செய்யாது. அடாப்டர் ஒன்று வாங்கி மாட்டிய பிறகும் அப்படியே இருந்தால் நம்மில் பலரும் செட்டிங்ஸைக் குடைய ஆரம்பிப்போம். ஆனால் பல வீடுகளில் கோளாறு அங்கே இருப்பதில்லை. பிளக்கின் நுனியில் இருக்கிறது.

நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு நண்பர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய 9 வயசுப் பையனுக்குச் சனிக்கிழமைதோறும் ஆன்லைனில் தமிழ் வகுப்பு. மூன்று வாரம் கழித்து ஆசிரியை ஒரு செய்தி அனுப்பினார்: "தம்பி வாசிக்கச் சொன்னா வாயே திறக்க மாட்டேங்கிறான். ரொம்பக் கூச்சமா?" பையன் ஒவ்வொரு வாரமும் சத்தமாக வாசித்துக்கொண்டுதான் இருந்தான். ஆசிரியை பேசுவது அவனுக்குத் தெளிவாகக் கேட்டதால் ஹெட்செட் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த மேசைக் கம்ப்யூட்டரில் வேறு மைக்கும் கிடையாது. நண்பர் டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் மாறவில்லை.

போன் ஹெட்செட்டின் 3.5 மில்லிமீட்டர் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் மூன்று கறுப்புக் கோடுகள் இருக்கும். சில பிளக்குகளில் அவை வெள்ளையாகவும் இருக்கலாம். அந்தக் கோடுகள் உலோகத்தை நான்கு துண்டாகப் பிரிக்கின்றன. இதைத்தான் கடையில் நாலு வளைய பிளக் என்று சொல்கிறார்கள். நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது எல்லாவற்றுக்கும் பொதுவான கிரவுண்ட், கைப்பிடியை ஒட்டியிருக்கும் நான்காவது மைக்குக்கு. இன்று விற்கும் போன் ஹெட்செட்டுகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வருகின்றன.

மேசைக் கம்ப்யூட்டரில் பொதுவாக இரண்டு துளைகள் இருக்கும். பச்சை, காதுக்குச் சத்தம் அனுப்பும். பிங்க், மைக்கிலிருந்து சத்தம் வாங்கும். இரண்டுமே கோடு இரண்டு, துண்டு மூன்று உள்ள பிளக்குக்காகச் செய்தவை. பச்சைத் துளைக்குள் இடது, வலது, கிரவுண்ட் என்று மூன்று தொடுமுனைகள்தான் உண்டு. நாலு வளைய பிளக்கை அதில் செருகினால் நுனியும் அடுத்த துண்டும் சரியான இடத்தில் உட்கார்ந்துவிடும், அதனால் பாட்டு கேட்கிறது. மைக் துண்டு எதையாவது தொட்டாலும் அது கிரவுண்ட் முனையாகத்தான் இருக்கும். அங்கே யாரும் நம் குரலைக் கேட்க உட்கார்ந்திருக்கவில்லை.

அதோடு, இந்தச் சின்ன மைக்குக்கு மின்சாரமும் வேண்டும். போனில் மைக் கம்பி வழியாகவே ஓரிரு வோல்ட் உள்ளே போகும், குரல் அதே கம்பியில் வெளியே வரும். கம்ப்யூட்டரில் அந்த மின்சாரத்தைத் தருவது பிங்க் துளை மட்டும்தான். பச்சையில் மாட்டிய மைக்குக்கு மின்சாரமும் இல்லை, கேட்பவரும் இல்லை. செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் இல்லாத கம்பி வந்துவிடாது.

இப்போது நண்பர் வாங்கிய அடாப்டருக்கு வருவோம். அதன் ஒரு முனையில் நாலு வளைய பிளக், மறு முனையில் இரண்டு துளைகள். ஒன்றில் ஹெட்போன் படம், மற்றதில் மைக் படம். அவர் ஹெட்செட்டை ஹெட்போன் படம் போட்ட துளையில் செருகி, அடாப்டரின் பிளக்கைக் கம்ப்யூட்டரின் பச்சைத் துளையில் மாட்டியிருந்தார். எல்லாம் அழகாகப் பொருந்தியது, சத்தமும் வந்தது. ஆனால் ஹெட்போன் படம் போட்ட துளைக்கும் மூன்றே முனைகள். மைக்கின் பாதை அங்கேயே முடிந்துவிட்டது.

அதே பிளக்கைப் பிங்க் துளைக்கு மாற்றியும் பார்த்தார், அப்போது பாட்டும் நின்றது. பிங்க் துளை குரலை எதிர்பார்ப்பது பிளக்கின் நுனியில். இந்தப் பிளக்கின் நுனியில் இருப்பதோ இடது காதின் ஸ்பீக்கர். அந்த நிலையில் இடது காதுத் துண்டை விரலால் தட்டினால், திரையில் மைக் அளவு காட்டும் பட்டை லேசாக அசையக்கூடும். சின்ன ஸ்பீக்கர் ஒன்று மைக் போலவும் வேலை செய்யும், ஆனால் மிக மங்கலாக. பேசும்போது அசையாத பட்டை காதுத் துண்டைத் தட்டும்போது அசைந்தால், கம்பி தப்பான இடத்துக்குப் போயிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அந்த அடாப்டர் பழுதானது இல்லை. அது நேர் எதிர்த் திசைக்காகச் செய்தது. பச்சை, பிங்க் என்று இரண்டு பிளக் உள்ள பழைய ஹெட்செட்டை, ஒரே துளை உள்ள லேப்டாப்பிலோ போனிலோ மாட்டுவதற்கானது. நண்பருக்கு வேண்டியது ஒரு பக்கம் ஹெட்செட் நுழையும் ஒரே துளை, மறு பக்கம் தலா இரண்டு கோடு உள்ள இரண்டு பிளக்குகள். ஒன்று பச்சைக்கு, ஒன்று பிங்க்குக்கு. உள்ளே அந்த நான்காவது துண்டின் கம்பி தனியாகப் பிரிந்து பிங்க் பிளக்குக்குப் போகும். மாட்டிய அடுத்த நிமிஷம் பையனின் குரல் போய்ச் சேர்ந்தது.

வாங்கும்போது அட்டையில் "ஹெட்செட் அடாப்டர்" என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், இரண்டு வகையிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கம்ப்யூட்டர் பக்கம் போகும் பிளக்குகளை எண்ணுங்கள். கம்ப்யூட்டரில் இரண்டு துளை என்றால் பிளக்கும் இரண்டு வேண்டும். இன்னொரு பொருளும் ஏமாற்றும்: ஒரு பாட்டை இரண்டு பேர் கேட்பதற்கான பிரிப்பான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அதன் இரண்டு கிளைகளும் காதுக்குத்தான். மைக் படம் எதிலுமே இருக்காது.

லேப்டாப்பில் ஒரே துளை இருந்து, அதன் பக்கத்தில் மைக்கோடு கூடிய ஹெட்செட் படம் இருந்தால், போன் ஹெட்செட்டை நேராகவே செருகலாம். அடாப்டரே வேண்டாம். சில லேப்டாப்கள் செருகியதும் என்ன மாட்டினீர்கள் என்று கேட்கும். அப்போது `Headphone` என்பதை அமுக்கிவிட்டால் மைக் வராது, `Headset` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரியான அடாப்டர் போட்டும் வேலை செய்யாவிட்டால் ஹெட்செட்டின் வயசைப் பாருங்கள. சில பழைய போன் ஹெட்செட்டுகளில் மைக்கும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். அப்படி இருந்தால் பாட்டு குழாய்க்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும், பாடகர் குரல் மட்டும் தேய்ந்துபோகும். ஹெட்செட்டின் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் பாட்டு சரியாகி, விட்டால் மறுபடி கெடுகிறதா? அப்போது சிக்கல் அந்த வரிசைதான். வேறு ஹெட்செட் மாற்றுவதே சுலபம்.

வகுப்புக்கு முன்னால் ஒரு நிமிஷம் போதும். விண்டோஸில் `Settings`, `System`, `Sound` என்று போய் `Input` பகுதியைப் பாருங்கள். மேக்கில் `System Settings`, `Sound`, `Input`. பிள்ளையை ஒரு வரி வாசிக்கச் சொல்லுங்கள், பட்டை குரலோடு ஏறி இறங்க வேண்டும். ஏறவில்லை என்றால் அதே ஹெட்செட்டைப் போனில் மாட்டி யாரையாவது கூப்பிட்டுப் பாருங்கள். அங்கே குரல் போகிறது என்றால் ஹெட்செட்டில் குறையில்லை. செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன்னால் அடாப்டரைக் கழற்றி, கோடுகளையும் பிளக்குகளையும் எண்ணிவிடுங்கள்.